தவறைப் பிடிக்கும் கணக்கு: சப்நெட் பயிற்சித்தாள் உருவாகும் விதம்

நெட்வொர்க்கிங் பாடத்தில் அடிக்கடி தென்படும் கேள்வி ஒன்று உண்டு: 192.168.1.10/26 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? விடை 192.168.1.0. வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். பாடம் புரிந்துவிட்டது என்று ஆசிரியரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்த விடையை எழுத சப்நெட் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நெட்வொர்க் முகவரி என்றால் கடைசியில் பூஜ்ஜியம் வரும் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவரும் அதையேதான் எழுதுவார். கேள்வியில் உள்ள 10 என்ற எண்ணை 77 என்று மாற்றிப் பாருங்கள். இப்போது சரியான விடை 192.168.1.64. பூஜ்ஜியத்தை நம்பியிருந்தவர் தவறாக எழுதுவார், கணக்குப் போட்டவர் சரியாக எழுதுவார். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் கேள்விக்குப் பார்வை வந்துவிடுகிறது.

நெட்வொர்க்கிங் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், ஒரு மணி நேர விரிவுரையைப் படிப்படியான பயிற்சித்தாள்களாக மாற்றும் வேலையில் பெரும்பகுதி இந்த எண்களைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று நினைக்கிறேன். கேள்விகளை எழுதுவது எளிது. தவறான வழியில் போகிறவருக்குத் தவறான விடையே கிடைக்கும்படி எண்களைப் பொறுக்குவதில்தான் நேரம் போகிறது.

இந்தக் கணக்கைக் கேள்விப்படாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பழைய தரைவழித் தொலைபேசியில் சென்னைக்கு 44 என்பது குறியீடு, அதன் பின் எட்டு இலக்கம். மதுரைக்கு 452, பின்னால் ஏழு இலக்கம். கரூருக்கு 4324, பின்னால் ஆறு. எப்படிக் கூட்டினாலும் பத்து. ஊர்க் குறியீடு நீண்டால் அந்த ஊரில் கொடுக்கக்கூடிய எண்களின் அளவு குறையும். கணினியின் ஐபி முகவரியும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. மொத்தம் 32 பிட், அதாவது 32 பூஜ்ஜியமோ ஒன்றோ. முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்கிறது, பின்பகுதி அதற்குள் எந்தக் கணினி என்று சொல்கிறது. முகவரியின் பின்னால் வரும் /26, முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு என்று அறிவிக்கிறது. மீதி இருப்பது 6 பிட். ஆறு பிட்டில் 64 விதமான எண்களை எழுதலாம். அவற்றில் முதலாவது நெட்வொர்க்கின் பெயருக்கும், கடைசியானது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரிக்கும் போய்விடும். கணினிகளுக்குக் கிடைப்பது 62.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த 32 பிட்டை நாம் எட்டெட்டாகப் பிரித்து நான்கு எண்களாக எழுதுகிறோம். ஒவ்வோர் எட்டுக்கும் ஆக்டெட் என்று பெயர். நெட்வொர்க்கின் எல்லை 26ஆவது பிட்டுக்குப் பிறகு வருகிறது, ஆனால் புள்ளி 24ஆவது பிட்டுக்குப் பிறகு வருகிறது. எல்லை நான்காவது ஆக்டெட்டின் வயிற்றுக்குள் விழுந்துவிடுகிறது. 77 என்ற பத்தடிமான எண்ணைக் கண்ணால் பார்த்து, அதில் எந்தப் பாதி நெட்வொர்க், எந்தப் பாதி கணினி என்று சொல்ல முடியாது. சப்நெட் கணக்கின் கடினம் அத்தனையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகிறது.

இனி விரிவுரைக்கு வருவோம். முகவரி பற்றிய வழக்கமான விரிவுரை ஒன்று வரலாற்றில் தொடங்கும். 1981இல் ஐபி நான்காம் பதிப்பின் வரையறை வந்தது, முகவரிகள் ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரிந்திருந்தன, 1985இல் ஆர்எஃப்சி 950 சப்நெட் முறையை வரையறுத்தது, 1993இல் வகுப்புகளைக் கைவிட்டு எந்தப் பிட்டிலும் எல்லை போடலாம் என்ற முறை வந்தது. பிறகு பைனரி, பிறகு மாஸ்க், பிறகு ஓரிரு கணக்குகள். கேட்பதற்கு இந்த வரிசை நன்றாக இருக்கும். பயிற்சித்தாளுக்கு இது உதவாது. வரலாற்றுப் பகுதியில் மாணவரின் கைக்கு வேலை இல்லை.

அதனால் விரிவுரையின் பதிவையோ குறிப்பையோ எடுத்துக்கொண்டு, கரும்பலகையில் ஓர் எண் இன்னோர் எண்ணாக மாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்களில் ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைவிட, என்ன சொல்லாமல் விட்டார் என்பது முக்கியம். பழகிய ஆசிரியர் இப்படித்தான் பேசுவார்: “ஸ்லாஷ் இருபத்தாறு, அப்போ அறுபத்துநாலு அறுபத்துநாலா தாவும். எழுபத்தேழு, அறுபத்துநாலு நெட்வொர்க்.” நான்கு நொடியில் முடிந்துவிட்டது. கேட்கும் மாணவர் தலையாட்டுவார். வீட்டுக்குப் போய் /27க்கு எத்தனை எத்தனையாகத் தாவும் என்று கேட்டால் திகைப்பார்.

அந்த நான்கு நொடிக்குள் ஐந்து முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து ஒரு படியாக எழுதினால்தான் பயிற்சித்தாளின் விடைப்பகுதி உருவாகும். 192.168.10.77/26 என்ற முகவரியை வைத்தே பார்ப்போம்.

முதல் படி, எல்லை எந்த ஆக்டெட்டில் விழுகிறது என்று கண்டுபிடிப்பது. முதல் மூன்று ஆக்டெட்டுக்கு 24 பிட் போய்விட்டது. 26 என்பது அதைத் தாண்டி இரண்டு பிட். ஆகவே எல்லை நான்காவதில். முதல் மூன்று எண்களை, அதாவது 192.168.10 என்பதை, இனித் தொட வேண்டியதே இல்லை.

இரண்டாம் படி, அந்த ஆக்டெட்டில் மாஸ்க்கின் மதிப்பு. இடப்பக்கத்தில் இரண்டு ஒன்றுகள், மீதி ஆறு பூஜ்ஜியங்கள்: 128ஐயும் 64ஐயும் கூட்டினால் 192.

மூன்றாம் படி, தாவும் அளவு. 256இலிருந்து 192ஐக் கழித்தால் 64.

நான்காம் படி, 64இன் மடங்குகளை எழுதி 77 எங்கே விழுகிறது என்று பார்ப்பது. 0, 64, 128, 192. எழுபத்தேழு 64ஐத் தாண்டிவிட்டது, 128ஐ எட்டவில்லை. ஆகவே நெட்வொர்க் 192.168.10.64.

ஐந்தாம் படி, அடுத்த மடங்கிலிருந்து ஒன்றைக் கழிப்பது. 128இல் ஒன்று போக 127. அதுதான் பிராட்காஸ்ட். இடையில் இருக்கும் 65 முதல் 126 வரை கணினிகளுக்கு, மொத்தம் 62.

இதே கணக்கை ரூட்டர் உள்ளுக்குள் பைனரியில் செய்கிறது. முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றை வைக்கிறது:

```
77    01001101
192   11000000
64    01000000
```

விடைப்பகுதியில் இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்லதா என்று சில ஆசிரியர்கள் கேட்பதுண்டு. முதல் தாளில் பைனரி மட்டும், பிறகு தாவும் அளவு மட்டும் என்று பிரிப்பதே சரி என்பது என் கருத்து. இரண்டும் ஒன்றாக வரும்போது மாணவர் எதையும் முழுதாகச் செய்வதில்லை. ஒன்றில் தடுக்கினால் மற்றதற்குத் தாவி, பாதிப் பாதியாகக் கலந்து எழுதுகிறார்.

இனி எண்களைத் தேர்ந்தெடுக்கும் கதை. 77 என்ற எண்ணை நான் ஏன் எடுத்தேன் என்றால், ஒவ்வொரு வகைத் தவறுக்கும் அது வெவ்வேறு விடை தருகிறது. நெட்வொர்க் 192.168.10.0 என்று ஒருவர் எழுதினால், கடைசி எண் எப்போதும் பூஜ்ஜியம் என்ற நினைப்பில் இருக்கிறார், /26 என்பதை அவர் பார்க்கவே இல்லை. 192.168.10.76 என்று எழுதினால் விஷயம் வேறு. நான்காவது ஆக்டெட்டில் இரண்டு பிட் போனது, இரண்டு பிட்டில் நான்கு சப்நெட், ஆகவே நான்கு நான்காகத் தாவும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நான்கின் மடங்கில் 77க்குக் கீழே இருப்பது 76. அவருக்கு பிட் கணக்கு நன்றாகவே வருகிறது. எத்தனை சப்நெட் என்பதையும் ஒவ்வொன்றிலும் எத்தனை முகவரி என்பதையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். இந்த இருவருக்கும் “தவறு, மீண்டும் செய்” என்று ஒரே குறிப்பைக் கொடுத்தால் இருவருக்குமே பயனில்லை.

பிராட்காஸ்ட் 128 என்று வந்தால் ஒன்றைக் கழிக்க மறந்திருக்கிறார். 255 என்று வந்தால் இன்னும் /24லேயே நிற்கிறார். கணினிகளின் எண்ணிக்கை 64 என்று வந்தால் நெட்வொர்க், பிராட்காஸ்ட் இரண்டையும் கழிக்கவில்லை. 63 என்று வந்தால் ஒன்றை மட்டும் கழித்திருக்கிறார். ஆகவே விடைப்பகுதியில் சரியான படிகளுக்குக் கீழே ஒரு சிறு பட்டியல் வைக்கலாம்: உங்கள் விடை 76 என்றால் மூன்றாம் படிக்குப் போங்கள், 128 என்றால் ஐந்தாம் படிக்குப் போங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் மாணவர் தன் தவறு நின்ற இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால், பாடநூல்களில் நெடுநாளாக இருக்கும் சில எண்கள் எவ்வளவு குருடானவை என்று தெரியும். /28 அதில் முதல் இடம். /24ஐ /28ஆகப் பிரித்தால் சப்நெட்டுக்கு நான்கு பிட், கணினிக்கும் நான்கு பிட். சப்நெட்டுகள் 16, ஒவ்வொன்றிலும் முகவரிகள் 16. இரண்டையும் மாற்றிப் போட்டவருக்கும் சரியான விடையே கிடைக்கும். புதிதாகக் கற்பவருக்கு /28 கொடுக்கக் கூடாது. /27 கொடுக்கலாம்: சப்நெட் 8, முகவரி 32. குழப்பம் இருந்தால் உடனே வெளியே வந்துவிடும்.

இரண்டு பிட் கடன் வாங்கும் கேள்வியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பிட்டுக்கு எத்தனை சப்நெட் என்று கேட்டால் நான்கு. இரண்டின் அடுக்கு இரண்டும் நான்கு, இரண்டு பெருக்கல் இரண்டும் நான்கு. அடுக்குக்குப் பதிலாகப் பெருக்கல் போடுகிற மாணவர் தப்பித்துவிடுவார். மூன்று பிட் என்றால் எட்டா ஆறா என்று பிரிந்துவிடும்.

தேவையிலிருந்து மாஸ்க்கைக் கண்டுபிடிக்கும் கேள்விகளிலும் இப்படித்தான். 20 கணினிகள் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு எந்த அளவு வேண்டும் என்று கேட்டால், இரண்டைக் கழிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி /27 என்று எழுதுவார்கள். 31 கணினிகள் என்று கேளுங்கள். /27இல் 32 முகவரி, பயன்படக்கூடியவை 30. போதாது. /26க்குப் போக வேண்டும். கழிக்க மறந்தவர் /27 என்று எழுதி அங்கேயே நின்றுவிடுவார். எல்லையை ஒட்டிய எண்கள் எப்போதும் இப்படி வேலை செய்கின்றன: 30, 31, 62, 63.

தாள்களைத் தரம் பிரிப்பது எப்படி? பெரிய எண் வந்தால் கடினம், சிறிய எண் வந்தால் எளிது என்று பிரிப்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மாணவர் எடுக்க வேண்டிய புதிய முடிவு ஒன்றே ஒன்று கூட வேண்டும். அதை வைத்துப் பிரித்தால் ஐந்து தாள்கள் இயல்பாக வருகின்றன.

முதல் தாள் பைனரிக்கு. அதில்கூட 0 முதல் 255 வரை எல்லா எண்களையும் மாற்றச் சொல்லி வதைக்கத் தேவையில்லை. மாஸ்க்கின் ஓர் ஆக்டெட்டில் வரக்கூடிய மதிப்புகள் மொத்தம் ஒன்பதுதான்: 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255. இவற்றைப் பார்த்த உடனே எத்தனை ஒன்றுகள் என்று சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டாம் தாள் நாம் மேலே பார்த்த ஐந்து படிகள், எல்லை நான்காவது ஆக்டெட்டில் மட்டும்.

மூன்றாம் தாளில் எல்லை மூன்றாவது ஆக்டெட்டுக்கு நகர்கிறது. படிகள் அதே ஐந்துதான், ஆனால் இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 172.16.45.130/20 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆக்டெட்டுக்கு 16 பிட், மீதி நான்கு மூன்றாவதில். மாஸ்க் 240, தாவும் அளவு 16. பதினாறின் மடங்குகளில் 45 விழுவது 32க்கும் 48க்கும் இடையில். நெட்வொர்க் 172.16.32.0. அடுத்தது 172.16.48.0 என்பதால் அதற்கு ஒன்று முன்னால் இருப்பது 172.16.47.255, அதுவே பிராட்காஸ்ட். கணினிகளுக்கு 4094 முகவரிகள்.

இங்கே 130 என்ற கடைசி எண் சும்மா போட்டதல்ல. எல்லை எந்த ஆக்டெட்டில் என்று பார்க்காமல் பழக்கத்தில் நான்காவதில் 16 தாவுகிறவர் 172.16.45.128 என்று எழுதுவார். எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்து, ஆனால் அதற்குப் பின்னால் உள்ள ஆக்டெட்டைப் பூஜ்ஜியமாக்க மறந்தவர் 172.16.32.130 என்று எழுதுவார். பிராட்காஸ்ட்டில் கடைசி எட்டு பிட்டையும் ஒன்றாக்க மறந்தவர் 172.16.47.0 என்பார். மூன்று தவறுக்கும் மூன்று வெவ்வேறு விடை.

இந்தத் தாளின் முடிவில் நான் தவறாமல் வைக்கும் கேள்வி ஒன்று: 172.16.5.255/22 என்ற முகவரியை ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா? 255இல் முடிகிறதே, அது பிராட்காஸ்ட் ஆயிற்றே என்று கை தயங்கும். கணக்குப் போட்டால் தாவும் அளவு 4, நெட்வொர்க் 172.16.4.0, பிராட்காஸ்ட் 172.16.7.255. கேட்ட முகவரி நடுவில் இருக்கிறது. தாராளமாகக் கொடுக்கலாம். 172.16.6.0 என்பதையும் கொடுக்கலாம். பூஜ்ஜியத்தையும் 255ஐயும் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை உடைக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

நான்காம் தாள் தலைகீழ்க் கணக்கு, தேவை கொடுத்து மாஸ்க் கேட்பது. அதன் சூட்சுமம் மேலே சொன்ன 31இல் அடங்கிவிடுகிறது.

ஐந்தாம் தாளுக்குப் போகும் முன், படிகளைக் காட்டும் முறை பற்றி ஒரு வார்த்தை. எல்லா விடைகளையும் எல்லாப் படிகளோடும் கொடுத்துவிட்டால் மாணவர் படித்துக்கொண்டே போவார், கை நகராது. ஒன்றையும் காட்டாவிட்டால் தொடங்கவே மாட்டார். ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதம் கற்பவர்களை வைத்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க நிலையில் கணக்குகளைத் தாமே போட்டுத் திணறுவதைவிடத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது நன்றாக உதவுகிறது என்று கண்டார்கள். ஓரளவு தேறிய பிறகு அதே உதவி சுமையாகிவிடும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே காட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். தாளின் முதல் கணக்கில் ஐந்து படிகளும் முழுதாக இருக்கும். இரண்டாவதில் கடைசிப் படி காலி. மூன்றாவதில் கடைசி இரண்டும் காலி. இப்படிப் பின்னாலிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் ஆறாவது கணக்கில் முகவரி மட்டும்தான் இருக்கும். பின்னாலிருந்து குறைப்பதற்குக் காரணம் உண்டு. கடைசிப் படியை நிரப்பும் மாணவருக்கு முன்னால் உள்ள நான்கும் சரியாகவே அச்சில் இருக்கின்றன. முதல் படியைக் காலியாக விட்டால், அங்கே செய்த பிழை கீழே எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஐந்தாம் தாள், தேவைக்கேற்ப வெவ்வேறு அளவில் வெட்டிக் கொடுப்பது. ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு 192.168.20.128/25 என்ற தொகுதி கிடைத்திருக்கிறது, அதாவது 128 முகவரிகள். நூலகத்துக்கு 12 கணினி, ஆய்வுக்கூடத்துக்கு 60, அலுவலகத்துக்கு 28, இரண்டு ரூட்டர்களை இணைக்கும் கம்பிக்கு 2 முகவரி. பிரித்துக் கொடுங்கள்.

கேள்வியில் நூலகத்தை முதலில் வைத்தது வேண்டுமென்றேதான். வரிசை மாறாமல் செய்கிற மாணவர் நூலகத்துக்கு /28 எடுத்து 128 முதல் 143 வரை கொடுப்பார். அடுத்து ஆய்வுக்கூடத்துக்கு 64 முகவரி வேண்டும், எனவே 144இலிருந்து தொடங்கி 192.168.20.144/26 என்று எழுதுவார். பார்க்கப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் /26 என்றால் 64இன் மடங்கில்தான் தொடங்க முடியும். 144 அப்படிப்பட்ட எண் அல்ல. இரண்டாம் தாளின் ஐந்து படிகளை 144க்குப் போட்டுப் பார்த்தால் நெட்வொர்க் 128 என்று வரும். நூலகத்தின் இடத்தை ஆய்வுக்கூடம் விழுங்கிவிட்டது. நிஜ வேலையிலும் இது உடனே பிடிபடும். சிஸ்கோ ரூட்டரின் ஒரு முனையில் நூலகத்தையும் இன்னொரு முனையில் இந்த ஆய்வுக்கூட முகவரியையும் கட்டினால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று இப்படி மறுத்துவிடும்:

```
% 192.168.20.128 overlaps with GigabitEthernet0/0
```

பெரியதிலிருந்து தொடங்கினால் தொல்லை இல்லை. ஆய்வுக்கூடம் /26, 128 முதல் 191 வரை. அலுவலகம் /27, 192 முதல் 223 வரை. நூலகம் /28, 224 முதல் 239 வரை. இணைப்புக் கம்பி /30, 240 முதல் 243 வரை. மீதி 12 முகவரிகள் பிற்காலத்துக்கு. பெரிய தொகுதி முடியும் இடம் சிறிய தொகுதியின் மடங்காகவும் இருக்கும் என்பதால் இந்த வரிசை எப்போதும் பொருந்துகிறது. விடைப்பகுதியில் ஆறாவதாக ஒரு படியையும் இங்கே சேர்க்கிறேன்: எழுதிய ஒவ்வொரு தொடக்க எண்ணையும் அதன் தாவும் அளவால் வகுத்துப் பாருங்கள், மீதி வந்தால் பிழை. 144ஐ 64ஆல் வகுத்தால் மீதி 16.

தாளின் தலைப்பில் சில வரிகள் அவசியம். விரிவுரையில் ஆசிரியர் வாயால் சொன்ன அனுமானங்கள் தாளில் இல்லாவிட்டால், இரண்டு மாணவர்கள் இரண்டு விடையோடு வந்து நிற்பார்கள், இருவர் கையிலும் ஒரு புத்தகம் இருக்கும். முக்கியமானது, எத்தனை சப்நெட் என்ற கணக்கில் இரண்டைக் கழிப்பதா வேண்டாமா என்பது. 1985 வரையறைப்படி எல்லாப் பிட்டும் பூஜ்ஜியமான சப்நெட்டையும் எல்லாம் ஒன்றான சப்நெட்டையும் ஒதுக்கி வைத்தார்கள். மூன்று பிட்டுக்கு ஆறு சப்நெட். வகுப்புகள் போன பிறகு அந்தத் தேவை போய்விட்டது, 1995இன் ஆர்எஃப்சி 1878 அந்த வழக்கம் காலாவதியானது என்று சொல்லிவிட்டது. இன்று எட்டும் பயன்படும். ஆனால் பழைய கேள்வித்தாள்களில் ஆறு என்ற விடை இன்னும் உலவுகிறது. “எல்லா சப்நெட்டுகளும் பயன்படும்” என்று ஒரு வரி மேலே இருந்தால் சண்டை இல்லை. அதேபோல் /31க்கு இரண்டைக் கழித்தால் பூஜ்ஜியம் வரும். இரண்டு ரூட்டர்களுக்கு இடையிலான இணைப்பில் அந்த இரண்டையும் பயன்படுத்தலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3021 அனுமதிக்கிறது. கற்கத் தொடங்கும் தாள்களில் /31ஐயும் /32ஐயும் எடுக்காமல் இருப்பதே மேல்.

விடைகளைக் கையால் மட்டும் சரிபார்க்கக் கூடாது. விடைத்தாளில் ஒரு பிழை இருந்தால், சரியாகச் செய்த மாணவர்தான் தன்னைச் சந்தேகிப்பார். பைத்தான் மொழியோடு கூடவே வரும் ஒரு தொகுப்பு இதற்குப் போதும்:

```
import ipaddress
n = ipaddress.ip_interface("192.168.10.77/26").network
print(n, n.broadcast_address, n.num_addresses - 2)
```

இதை ஓட்டினால் 192.168.10.64/26, 192.168.10.127, 62 என்று மூன்றும் வரிசையாக வரும். அதே தொகுப்பில் `ip_network("192.168.20.144/26")` என்று கொடுத்தால் `has host bits set` என்று பிழை காட்டி நின்றுவிடும். ஐந்தாம் தாளின் விடைகளை எல்லாம் இதன் வழியே ஒருமுறை அனுப்பிவிட்டே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் இறுதி விடை சரி என்பதை மட்டுமே இது சொல்லும். நடுவில் உள்ள மாஸ்க், தாவும் அளவு, மடங்குகள் ஆகியவற்றை வேறொருவர் கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

தாள் முதன்முறை வகுப்புக்குப் போய்த் திரும்பும்போது வேலை இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும். விடைத்தாள்களில் பட்டியலில் இல்லாத தவறான எண்களைத் தேட வேண்டும். அப்படிக் கிடைத்த ஒன்று: 10.1.7.200/23 என்ற முகவரிக்குச் சிலர் நெட்வொர்க் 10.1.7.0, பிராட்காஸ்ட் 10.1.8.255 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 10.1.6.0, 10.1.7.255. தாவும் அளவு 2 என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மடங்குகளைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணாமல், கொடுத்த எண்ணிலிருந்தே இரண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். மூன்றாம் ஆக்டெட்டில் 6 கொடுத்திருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. இப்போது மூன்றாம் தாளின் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது: உங்கள் நெட்வொர்க் 10.1.7.0 என்றால் நான்காம் படிக்குத் திரும்பி, 0, 2, 4, 6, 8 என்று தொடக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள்.